பாராபாலிக் புள்ளி: ஏறும்போது காப்பாற்றியது, சந்தை படுத்ததும் ஏன் மாறி மாறி அடிக்கிறது?

வடக்குத்தெரு (செவ்வாய், இரவு 9:10)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வங்கிப் பங்கின் ப்யூச்சர்ஸில், தினசரி சார்ட்டில், பாராபாலிக் எஸ்ஏஆர் புள்ளிகளை மட்டும் ஸ்டாப்பாக வைத்து நடத்தி வந்தேன். செட்டிங் எல்லோரும் வைப்பதுதான்: தொடக்கம் 0.02, படி 0.02, உச்சவரம்பு 0.2. லாட் 1000.

472-ல் லாங் கிடைத்தது. விலை 520 வரை போய் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் 505.35-ல் ஸ்டாப் அடித்தது. 33 ரூபாய்க்கு மேல் லாபம், அதில் எனக்குக் குறை இல்லை. புள்ளி விலைக்கு மேலே போய்விட்டதால், முறைப்படி அதே விலையில் ஷார்ட் எடுத்தேன். ஆறாவது நாள் 518.30-ல் அது அடிபட்டு லாங் ஆனது. அதிலிருந்து ஆறாவது நாள் 506.60-ல் அதுவும் அடிபட்டது. இரண்டும் சேர்த்து 24.65 ரூபாய் நஷ்டம், ஒரு லாட்டுக்கு ரூ.24,650. மூன்றாவதாக வந்த ஷார்ட்டை 511-ல் நானே மூடிவிட்டேன், அதில் இன்னும் 4.40 போனது.

எனக்குப் புரியாதது இதுதான். இத்தனை நாளும் விலை 505-க்குக் கீழே போகவில்லை, 520-க்கு மேலேயும் போகவில்லை. முதல் ஸ்டாப் அடித்த அன்றுகூட சந்தை விழுந்தது என்று சொல்ல முடியாது, வழக்கமாகத் தொடும் இடத்தைத்தான் தொட்டது. அப்படியிருக்க ஏன் அடித்தது? செட்டிங் தவறா?

---

ஸ்விங்காரன் (செவ்வாய், இரவு 9:32)

செட்டிங்தான் காரணம். 0.02 பங்குகளுக்கு ரொம்ப நெருக்கம். 0.01, 0.01, 0.1 என்று மாற்றிப் பாருங்கள், புள்ளிகள் விலையை விட்டுத் தள்ளி நிற்கும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், மாறி மாறி அடிப்பது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

---

கச்சாக்கடை (செவ்வாய், இரவு 10:05)

எனக்கும் இதே கதைதான். கச்சா எண்ணெய் மினியில் 15 நிமிட சார்ட் பார்ப்பேன். மாலை ஏழு மணிக்கு மேல் அமெரிக்கச் சந்தை ஓடும்போது புள்ளி அருமையாக வேலை செய்கிறது. மதியத்தில் மட்டும் மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி அடித்துவிடும். அதனால் மதியம் 5 நிமிட சார்ட்டுக்கு மாறிவிட்டேன், அப்போதாவது சீக்கிரம் தெரியும் அல்லவா? அண்ணன் கேட்டது எந்த டைம்ஃப்ரேம் நல்லது என்றுதானே?

---

கணக்கேடு (புதன், காலை 6:48)

வடக்குத்தெரு, செட்டிங்குக்கு அப்புறம் வருவோம். முதலில் "விலை விழவில்லை, ஸ்டாப் ஏன் அடித்தது" என்ற கேள்வியைப் பார்ப்போம், இந்த இழையில் முக்கியமானது அதுதான். மற்ற ட்ரெயிலிங் ஸ்டாப்புகள் பெரும்பாலும் விலை ஏறினால் ஏறும், நின்றால் நிற்கும். பாராபாலிக் அப்படி இல்லை. விலை அசையாமல் கிடந்தாலும் புள்ளி தினமும் ஏறிக்கொண்டே இருக்கும். நாள் கழிவதே அதற்குப் போதும்.

```
SAR_next = SAR + AF * (EP - SAR)
```

EP என்பது இந்த லாங்கில் இதுவரை வந்த உச்சம், உங்களுக்கு 520. AF தான் வேகம். 0.02-ல் தொடங்கும், புது உச்சம் வரும் ஒவ்வொரு நாளும் 0.02 கூடும், 0.20-க்கு மேல் போகாது. புள்ளிக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியில் AF அளவு பங்கு தினமும் காணாமல் போகும். இந்தச் சூத்திரத்தில் இன்றைய குளோஸ் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. உச்சம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், கடிகாரம் மட்டும்தான் புள்ளியை நகர்த்துகிறது.

உங்கள் சார்ட்டில், விலை 520-ல் நின்று ஒரு வாரம் கழித்துப் புள்ளி சுமார் 486-ல் இருந்திருக்க வேண்டும், AF 0.10. இடைவெளி 34. அடுத்த நாள் அதில் பத்தில் ஒரு பங்கு கழிந்து புள்ளி 489.40. பிறகு 492.46, 495.21, 497.69, 499.92, 501.93, 503.74. எட்டாவது நாள் 505.36. அன்றைய லோ 505. அடித்தாயிற்று. விலை புள்ளியைத் தேடிக் கீழே வரவில்லை, புள்ளிதான் விலையைத் தேடி மேலே ஏறி வந்தது.

கச்சாக்கடை, அவர் டைம்ஃப்ரேம் கேட்கவில்லை. ஆனாலும் நீங்கள் மதியத்தில் 5 நிமிடத்துக்கு மாறுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஒரு மணி நேரத்தில் நான்கு கேண்டிலுக்குப் பதில் பன்னிரண்டு கேண்டில் வருகிறது. கேண்டில் கணக்கில்தான் புள்ளி நெருங்குகிறது.

---

வடக்குத்தெரு (புதன், காலை 7:20)

சார்ட்டைத் திறந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தேன். 492.46, 495.21 என்று அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் புள்ளி ஏறுவதைப் பார்த்து "பங்கு வலுவாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். ரேஞ்சுக்குள் இருந்த அடுத்த இரண்டு வணிகத்திலும் AF 0.02 தானே? அது மெதுவான வேகம். அப்புறம் ஏன் அவை அவ்வளவு பெரிய நஷ்டமாக முடிந்தன?

---

கணக்கேடு (புதன், காலை 8:02)

மெதுவாக இருந்ததால்தான். லாங் முடிந்து ஷார்ட் ஆகும்போது புதுப் புள்ளி எங்கே போய் உட்கார்கிறது? பழைய லாங்கின் உச்சத்தில், அதாவது 520-ல். நீங்கள் ஷார்ட் எடுத்தது 505.35-ல். ரேஞ்சின் தரையில் நின்று விற்கிறீர்கள், ஸ்டாப் கூரையில் இருக்கிறது.

அந்த ஷார்ட்டின் உச்சம், அதாவது மிகக் குறைந்த விலை, 505. இடைவெளி 15. AF 0.02 என்பதால் ஆறு நாளில் புள்ளி 518.29 வரைதான் இறங்கியது. விலை மேலே திரும்பி வந்து அதைத் தொட்டது. 505.35-க்கு விற்று 518.30-க்கு வாங்கியதில் நஷ்டம் 12.95. ரேஞ்சின் மொத்த உயரமே 15 தான், அதில் பெரும்பகுதி உங்கள் பையிலிருந்து போயிற்று. உடனே லாங், இப்போது கூரையில் நின்று வாங்குகிறீர்கள், ஸ்டாப் தரையில் 505. அன்றைய ஹை 519, இடைவெளி 14, ஆறு நாளில் புள்ளி 506.60. நஷ்டம் 11.70.

லாபத்தில் ஓடும் வணிகத்தில் புள்ளி வேகமாக நெருங்குகிறது, நஷ்டத்தில் தொடங்கும் வணிகத்தில் மெதுவாக நெருங்குகிறது. ட்ரெண்ட் தொடர்ந்தால் இது சரியான ஏற்பாடு, புது வணிகத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ரேஞ்சுக்குள் இதே ஏற்பாடு ஒவ்வொரு முறையும் தவறான ஓரத்தில் நுழைய வைத்து, எதிர் ஓரம் வரை காத்திருக்க வைக்கிறது. இதற்கு மேலே கமிஷன், வரி எல்லாம் தனி.

---

ஸ்விங்காரன் (புதன், காலை 11:15)

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதும் இதற்குள்ளேதான் வருகிறது. படி 0.01 ஆக இருந்தால் அந்த நேரத்தில் AF 0.10 இருக்காது, 0.05 தான் இருக்கும். முதல் ஸ்டாப் அடித்தே இருக்காது.

---

கணக்கேடு (புதன், மதியம் 1:40)

பாதி சரி. அதே 486-லிருந்து 0.05 வேகத்தில் போட்டுப் பார்த்தேன். 505-ஐத் தாண்டப் பதினாறு நாள் ஆகிறது, முன்பு எட்டு நாள். நிஜத்தில் புள்ளி 486-க்கும் கீழேதான் இருந்திருக்கும், அதனால் இன்னும் சில நாள் கூடும். ஆக, மூன்று வாரத்துக்குள் முடியும் ரேஞ்சை உங்கள் செட்டிங் தாண்டிவிடும். ஆறு வாரம் நீளும் ரேஞ்சில் அதுவும் அடிபடும். அடிபட்ட பிறகு எதிர்ப்பக்கத்தில் தொடங்கும் AF 0.01, அதாவது ஸ்டாப் கூரையை விட்டு நகரவே நகராது, ஒவ்வொரு நஷ்டமும் கொஞ்சம் பெரிதாகும். பங்கு உண்மையாகவே 520-லிருந்து சரிந்தால் திருப்பிக் கொடுக்கும் லாபமும் கூடும். நோயைத் தள்ளிப் போடுகிறது, தீர்க்கவில்லை.

AF பற்றி இன்னொன்று, பலரும் கவனிக்காதது. புது உச்சம் வந்ததா என்றுதான் அது பார்க்கும், எவ்வளவு பெரிய உச்சம் என்று பார்க்காது. 20 ரூபாய் தாவினாலும் 0.02, ஐந்து பைசா கூடினாலும் 0.02. சந்தை படுத்துக்கொண்டு, மேல் ஓரத்தை மட்டும் சில பைசாக்கள் உரசி உரசி ஏறும் நாட்கள் உண்டு அல்லவா? 520, 520.30, 520.35, 520.80 என்று. பார்க்கும் கண்ணுக்கு அது ரேஞ்ச். AF-க்கு அது ஓடும் ட்ரெண்ட். நாலைந்து நாளில் 0.10-லிருந்து 0.18, 0.20 என்று ஏறிவிடும். 0.20-ல் இடைவெளி மூன்று நாளில் கிட்டத்தட்டப் பாதியாகும், பத்து நாளில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். நான் பாராபாலிக் வைத்து இழந்த பணத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி உரசல் நாட்களில்தான் போனது. அதனால் இப்போது புள்ளியைப் பார்ப்பதற்கு முன் AF எத்தனையில் நிற்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

---

புதுவரவு (புதன், மாலை 4:25)

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இந்தப் புள்ளிகள் பிறகு இடம் மாறிவிடும், அதனால் பழைய சார்ட்டில் அழகாகத் தெரியும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். அது உண்மையா? இன்னொன்று, நாளைக்கான ஸ்டாப்பை இன்று இரவே ப்ரோக்கரிடம் போட்டு வைக்க எந்தப் புள்ளியை எடுப்பது? சார்ட்டில் தெரியும் கடைசிப் புள்ளியையா?

---

கணக்கேடு (புதன், இரவு 8:50)

இடம் மாறாது. இன்றைய புள்ளி நேற்று மாலையே தீர்மானமாகிவிட்டது. நடுநாளில் விலை அதைத் தொட்டால் புள்ளி எதிர்ப்பக்கம் தாவும். தொட்டது தொட்டதுதான், பிறகு விலை திரும்பினாலும் புள்ளி பழைய இடத்துக்கு வராது. ஆனால் அந்த வகுப்பில் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தாவிய நாளின் கேண்டிலில் புதுப் புள்ளி மட்டும்தான் வரையப்படும், எந்த விலையில் ஸ்டாப் அடித்தது என்பது சார்ட்டில் இருக்காது. வடக்குத்தெரு சார்ட்டில் அந்த நாளில் 520-ல் ஒரு புள்ளி தெரியும், 505.36 எங்கும் தெரியாது. அதனால் பழைய சார்ட்டைக் கண்ணால் பார்ப்பவர்கள், ரேஞ்சுக்குள் நடந்த நஷ்டங்களைக் குறைவாகவே மதிப்பிடுவார்கள்.

கடைசிப் புள்ளியை நாளைக்கு வைத்தால் ஒரு நாள் பின்தங்கிவிடுவீர்கள். மேலே கொடுத்த சூத்திரத்தை இன்று சந்தை முடிந்ததும் போட வேண்டும். இன்று புது உச்சம் வந்திருந்தால் EP, AF இரண்டையும் முதலில் மாற்றிவிட்டுப் போட வேண்டும். லாங்காக இருந்தால் விடை இன்றைய லோவுக்கும் நேற்றைய லோவுக்கும் மேலே போகக் கூடாது, போனால் அந்த லோவையே எடுக்க வேண்டும்:

```
SAR_next = min(SAR_next, low[0], low[1])
```

காலையில் விலை அதற்குக் கீழே கேப்பில் திறந்தால், கிடைப்பது திறந்த விலைதான். அதைப் புள்ளியின் விலையில் வெளியேறியதாகக் கணக்கு எழுதாதீர்கள்.

---

தங்கமீன் (வியாழன், காலை 7:05)

எல்லோரும் இதைச் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். பாராபாலிக்கைக் கொடுத்த வெல்ஸ் வைல்டர் 1978-ல் வந்த அதே புத்தகத்தில், ட்ரெண்டின் வலிமையை அளக்கும் ஏடிஎக்ஸையும் கொடுத்தாரே. ஏடிஎக்ஸ் 25-க்கு மேல் இருந்தால் புள்ளியைப் பின்பற்று, 20-க்குக் கீழே போனால் விட்டுவிடு. ஒரே வரியில் முடிந்தது. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

---

கணக்கேடு (வியாழன், காலை 9:00)

ஏடிஎக்ஸ் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வடக்குத்தெருவின் முதல் திருப்பத்தில் அது காப்பாற்றியிருக்காது. 472-லிருந்து 520 போன பிறகு ஏடிஎக்ஸ் நல்ல உயரத்தில் இருக்கும். அது இரண்டு முறை சராசரி எடுத்து வருவது, 14 நாள் கணக்கு, அதனால் சந்தை படுத்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் மேலேயே நின்று மெதுவாக இறங்கும். ஷார்ட் எடுத்த அன்று அது 25-க்கு மேலே இருந்திருக்க நிறைய வாய்ப்பு. மூன்றாவது நான்காவது திருப்பங்களைத்தான் அது தடுக்கும். அதே மாதிரி ரேஞ்சை உடைத்து ஓடும்போதும் அது 25-ஐத் தொடுவதற்குள் நல்ல தூரம் போயிருக்கும். இரண்டு முனையிலும் தாமதம்.

---

தங்கமீன் (வியாழன், காலை 9:40)

அப்படியென்றால் ஏடிஎக்ஸின் அளவை மட்டும் பார்க்காமல் திசையைப் பார்க்கலாம். உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கினாலே புது வணிகம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால்? வடக்குத்தெரு, அந்த ஷார்ட் எடுத்த அன்று உங்கள் சார்ட்டில் ஏடிஎக்ஸ் எப்படி இருந்தது?

---

வடக்குத்தெரு (வியாழன், மாலை 6:15)

இப்போதுதான் பார்த்தேன். ஷார்ட் எடுத்த அன்று 31, ஆனால் நான்கு நாளாக இறங்கிக்கொண்டிருந்தது. லாங் எடுத்த அன்று 22. மூன்றாவது திருப்பத்தில் 17. தங்கமீன் சொன்ன 25 விதிப்படி முதல் நஷ்டம் நடந்திருக்கும், இரண்டாவது நடந்திருக்காது. இறங்கும் திசையைப் பார்த்திருந்தால் இரண்டுமே இல்லை. ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து விதி எழுத பயமாக இருக்கிறது.

---

நெடும்பயணி (வியாழன், இரவு 9:30)

எனக்கு வேறு கருத்து. நீங்கள் எல்லோரும் முதல் ஸ்டாப்பையும் பின்னால் வந்த இரண்டு நஷ்டத்தையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள். முதல் ஸ்டாப் என் பார்வையில் குறையே இல்லை. இரண்டு வாரமாக அசையாத ப்யூச்சர்ஸுக்கு மார்ஜின் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன்? நேரம் கடந்தால் வெளியேற்று என்று அந்தச் சூத்திரத்தில் இருப்பது எனக்குப் பிடித்த அம்சம். எஸ்ஏஆர் என்பதில் ஸ்டாப்பும் இருக்கிறது, ரிவர்ஸும் இருக்கிறது. ஸ்டாப்பை வைத்துக்கொண்டு ரிவர்ஸை விட்டுவிடுங்கள். வெளியே வந்தால் வெளியிலேயே இருங்கள். 33 ரூபாய் அப்படியே கையில் இருந்திருக்கும்.

---

கணக்கேடு (வியாழன், இரவு 10:20)

ரிவர்ஸை விடுவதில் நாம் ஒரே பக்கம். எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சந்தைக்குள் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட முறை அது. வங்கிப் பங்கு வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நேரத்தைப் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்றத்துக்குப் பிறகு பங்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுப்பது சாதாரணம். அப்போதெல்லாம் வெளியே தள்ளும் ஸ்டாப், நீண்ட ஓட்டத்தின் பாதியில் இறக்கிவிடும். பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் ATR-ஐ மூன்று மடங்காக்கி, உச்சத்திலிருந்து கழித்து நான் ஸ்டாப் வைக்கிறேன். இந்தப் பங்கில் ATR 8 என்று வைத்தால் ஸ்டாப் 496. விலை 505-ல் ஆடிக்கொண்டிருக்கும்வரை அது தொடாது. ATR சுருங்கினால் ஸ்டாப் கொஞ்சம் ஏறும், ஆனால் நாள் கழிந்ததற்காக மட்டும் ஏறாது.

---

நெடும்பயணி (வெள்ளி, காலை 6:30)

496-ல் அடித்தால் லாபத்தில் இன்னும் ஒன்பது ரூபாய் போகும். அதையும் எழுதுங்கள்.

---

கணக்கேடு (வெள்ளி, காலை 7:10)

போகும். அதுதான் அதன் விலை.

---

வடக்குத்தெரு (வெள்ளி, இரவு 8:00)

நான் 511-ல் வெளியேறிய பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது நாள் பங்கு 520-ஐ உடைத்து, இப்போது 541-ல் இருக்கிறது. கணக்கேடு சொன்ன 496 ஸ்டாப் அடிபடாமலேயே லாங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நெடும்பயணி வழியில் போயிருந்தால் 505.35-ல் வெளியே வந்து, 520 உடைந்ததும் திரும்ப நுழைய வேண்டும், நடுவில் 15 ரூபாய் விட்டுப்போயிருக்கும். ஆனால் 520 உடையாமல் 480-க்கு இறங்கியிருந்தால் அவர் வழிதான் நல்லது.

இப்போதைக்கு ரிவர்ஸை நிறுத்திவிட்டேன். பழைய வணிகங்களில் 2021 முதல் உள்ளவற்றை எடுத்து, ஒவ்வொரு லாங்கும் புள்ளியில் வெளியேறியபோது AF எத்தனை, உச்சம் வந்து எத்தனை நாள் ஆகியிருந்தது, அதற்குப் பிறகு பழைய உச்சம் உடைந்ததா என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்று முடிந்தது. ஏழில் உச்சம் உடைந்திருக்கிறது, நான்கில் இல்லை.

---

கச்சாக்கடை (வெள்ளி, இரவு 11:50)

மதியம் 15 நிமிடத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். இன்று ஒரு முறைதான் அடித்தது. வடக்குத்தெரு அண்ணே, அந்தப் பட்டியல் முடிந்ததும் இங்கேயே போடுங்கள், கச்சாவுக்கும் அதே மூன்று கட்டம் போட்டுப் பார்க்கிறேன்.